'நாங்கள்' என்றால் யார்?

என் மனைவி தவநாயகியின் வாயில் 'நான்' என்ற சொல் லேசில் வராது. தனியே நின்று வெட்டி, தனியே தாளித்து இறக்கிவிட்டு, வால்தம்ஸ்டோவில் இருக்கும் தன் தங்கை வசந்தமலருக்கு ரெலிபோனில் சொல்லுவாள்: "இண்டைக்கு நாங்கள் கத்தரிக்காய்க் குழம்பு வைச்சனாங்கள்." அந்த 'நாங்கள்' யார் என்று தேடினால் வீட்டில் நான் ஒருவன்தான் அகப்படுவேன். நான் அந்நேரம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். குழம்பில் என் பங்கு அதைச் சாப்பிட்டது மட்டும்தான். ஆனாலும் நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஓசியில் வருகிற புகழை யார் வேண்டாம் என்பார்கள்?

எங்கள் ஆட்களிடம் இது ஊறிப்போன பழக்கம். 'நான் செய்தனான்' என்று ஒரு பெண் சொல்லிவிட்டால், 'அவவுக்குக் கொஞ்சம் தலைக்கனம்' என்று சொல்ல நாலு பேர் காத்திருப்பார்கள். ஆகவே செய்தவளும் 'நாங்கள்' என்பாள், செய்யாதவனும் 'நாங்கள்' என்பான். லண்டனில் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் இருந்தவரை அந்தச் சொல்லால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. 1994ஆம் ஆண்டு அது அவள் வேலை பார்த்த கவுன்சில் கந்தோருக்குள் போய் அவளுடைய பதவிக்கே உலை வைக்கப் பார்த்தது.

தவநாயகி யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவள். அதிகாரி தரத்துக்குப் போக வேண்டிய நேரத்தில் நாடு எரிந்தது. 1985இல் இங்கே வந்தோம். வந்தவளுக்கு முதலில் கிடைத்தது பிஸ்கற் பெட்டியில் ஒட்டுத்தாள் ஒட்டுகிற வேலை. நான் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ரிக்கெற் கொடுக்கப் போனேன், இன்றுவரை அதுதான் என் சீவியம். அவள் அப்படி இருக்கிற ஆள் இல்லை. மாலை வகுப்புக்குப் போனாள். கிழக்கு லண்டனில் கவுன்சில் என்கிற நகரசபை ஒன்றில் கோப்பு அடுக்குகிற தற்காலிக வேலையாய் நுழைந்தாள். பிறகு அங்கேயே ஹவுசிங் பெனிபிட் பிரிவில், வீட்டு வாடகைக்கு உதவி கேட்டு வருகிற விண்ணப்பங்களைப் பார்த்து யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிற உத்தியோகத்தர் ஆனாள். அவளுக்கு மேலே இருந்த சீனியர் வேலையை விட்டுப் போனபோது, 'ஆள் எடுக்கும்வரை நீ பார்' என்று அந்தக் கதிரையில் இவளை உட்கார வைத்தார்கள். அதற்கு 'அக்டிங்' என்று பெயர்.

அக்டிங் என்றால் நாடகத்தில் ராசா வேசம் போட்ட மாதிரி. முடி தலையில் இருக்கும், எந்த நேரமும் கழற்றி வாங்கிவிடலாம். அந்த வருடம் கவுன்சில் ஆட்களைக் குறைத்துப் பிரிவுகளை மாற்றியமைக்கத் தொடங்கியது. அக்டிங்கில் இருக்கிறவர்களின் அப்ரைசல் என்கிற வேலை மதிப்பீட்டு அறிக்கை ஒரு குழுவுக்குப் போகும் என்றும், அறிக்கை நல்லதென்றால் பதவி நிரந்தரம், இல்லாவிட்டால் பழைய மேசைக்கே திரும்பிப் போகவேண்டும் என்றும் சுற்றறிக்கை வந்தது. பழைய மேசை என்றால், இவளே வேலை பழக்கிவிட்ட பீற்றர் என்ற பையனுக்குப் பக்கத்து மேசை. வேறொருவர் வந்து இவளுக்கு மேலே இருப்பார்.

"பேந்தும் கீழை இறங்க என்னாலை ஏலாது, இஞ்சேருங்கோ," என்றாள் அன்றைக்கு. "ஒருக்கா இறங்கினது காணும்."

அந்த அறிக்கையை எழுதுகிறவர் கத்தரின். புதிதாக வேறொரு கவுன்சிலில் இருந்து வந்த மனேஜர். முந்தி இருந்த மனேஜர் நல்ல மனிதர், எல்லாருக்கும் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். கத்தரின் அப்படி இல்லை. ஒரு கூர்ப் பென்சிலை வைத்துக்கொண்டு வரிக்கு வரி கேள்வி கேட்பாராம். 'இது எப்படித் தெரியும்? இதற்கு என்ன ஆதாரம்?' அவருடைய அறையில் இருந்து வெளியே வந்த இரண்டு பேர் நேரே கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினார்களாம். றெஜினோல்ட் என்று பார்படோஸ்காரர் ஒருவர் அங்கே இவளோடு வேலை செய்தார், வயதில் மூத்தவர். அவர் அந்த அறைக்கு வைத்த பெயர் 'பல் டொக்ரர் வீடு'.

நல்ல வேளையாக எங்களுக்குப் பவளக்கொடி இருந்தாள். ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழ்ப் பெண். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். ஒரு கம்பனியில் பணியாளர் பிரிவில் பெரிய வேலை. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் பிரசாதம் வாங்கும் வரிசையில் பழக்கமானவள். அடுத்த முறை கண்டபோது கோயில் வாசலிலேயே தவநாயகி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அக்கா, கேள்வி கேக்கிற மேனேஜர்தான் நல்லது," என்றாள் பவளக்கொடி. "கேள்வியே கேக்காதவங்ககிட்ட நீங்க எதைக் கொண்டு போய்க் காட்டுவீங்க? போன வருஷம் உங்களுக்கு என்ன என்ன டார்கெட் குடுத்தாங்களோ, அதை ஒண்ணொண்ணா எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழே, முன்னாடி எப்படி இருந்துச்சு, நீங்க என்ன பண்ணீங்க, அதுக்கப்புறம் எப்படி ஆச்சு. பக்கத்துலயே அதுக்கு ஒரு ஆதாரம். சும்மா 'நல்லா பண்ணேன்'னு எழுதாதீங்க. அதை யாரும் நம்ப மாட்டாங்க."

"தாங்ஸ் பண்ணி சனம் எழுதின கடிதங்கள் கொஞ்சம் கிடக்கு. அதைக் காட்டலாமோ?"

"ஆமா, காட்டுங்க. ஆனா பேர், முகவரி எல்லாம் கறுப்பு மையால மறைச்சு, காப்பி எடுத்து வைங்க. அவங்க விஷயம் அவங்களோடது. இன்னொண்ணு, நீங்க ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா அதையும் நீங்களே எழுதிடுங்க. அவங்க கண்டுபிடிச்சா அது குத்தம். நீங்க சொன்னா, அதுல என்ன கத்துக்கிட்டீங்கன்னு பேசலாம்."

பிறர் சிரமத்தைத் தன் சிரமமாக எடுத்துக்கொண்டு நடைபாதையில் நின்று ஒரு பாடமே எடுத்தாள் அந்தப் பிள்ளை. கையில் இருந்த சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போனது. அவளுக்கு நாங்கள் பட்ட நன்றிக்கடன் இன்னும் தீரவில்லை.

தவநாயகி வேலையில் இறங்கினாள். மதிய இடைவேளைகளில் பழைய புள்ளிவிவரத் தாள்களைத் தேடி எடுத்தாள். கொம்பியூட்டர் துப்புகிற, பச்சைக்கோடு போட்ட அந்த நீளத் தாள்கள். அவளுக்குச் சொல்ல மூன்று விசயங்கள் இருந்தன.

முதலாவது, தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள். வேண்டிய தாள்கள் எல்லாம் வந்து சேர்ந்தால் பதினான்கு நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். ஆனால் தாள்கள் ஒருபோதும் ஒன்றாக வந்து சேராது. சம்பளச் சீட்டு இல்லை என்று ஒரு கடிதம் போகும். அது வந்த பிறகு, வாடகைப் புத்தகம் இல்லை என்று இன்னொரு கடிதம் போகும். சனம் மாதக்கணக்கில் காத்திருக்கும், வீட்டுக்காரன் கதவில் தட்டுவான். இவள் என்ன செய்தாள் என்றால், விண்ணப்பம் வந்த அன்றே முழுவதையும் பார்த்து, என்னென்ன குறைகிறது என்பதை ஒரே கடிதத்தில் கேட்கிற முறையைக் கொண்டுவந்தாள். தேக்கம் மளமளவென்று வடிந்தது. இரண்டாவது, எந்தெந்தத் தாள் கொண்டுவர வேண்டும் என்று படம் போட்டு விளக்கிய ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம். மூன்றாவது, பீற்றரையும் கிரிஜா என்ற இன்னொரு புதியவளையும் வேலை பழக்கியது. அவர்களுடைய கணக்குகளை இடையிடையே எடுத்துச் சரிபார்த்த முடிவுகளும் கையில் இருந்தன, பிழைகள் குறைந்துகொண்டே வந்ததை அவை காட்டின.

நாலாவதாகத் தன் பிழையையும் எழுதினாள். ஒருவருடைய வருமானத்தில் கழிக்க வேண்டிய ஒரு தொகையை இவள் கழிக்க மறந்து, அந்த மனிதருக்குக் கொஞ்ச வாரம் உதவி குறைந்து போய்விட்டது. இவளே பிறகு கண்டுபிடித்துத் திருத்தியிருந்தாள். அதை எழுதுகிறபோது அவள் முகம் சுருங்கிப் போனது.

எல்லாவற்றையும் ரைப் செய்து, ஒரு நீல மட்டைக்குள் வரிசையாக வைத்து, ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காட்டினாள். இங்கிலீஷ் சுத்தமாக இருந்தது. பணிவாகவும் இருந்தது. எங்கு பார்த்தாலும் 'வீ', இங்கிலீஷ் 'நாங்கள்'. 'வீ' ஒரே கடிதமாக அனுப்பத் தொடங்கினோம், 'வீ' பயிற்சி கொடுத்தோம், 'வீ' துண்டுப்பிரசுரம் தயாரித்தோம். வாசித்துப் பார்த்துவிட்டு, "திறம்," என்றேன். எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நானும் அதே ஊர் ஆள்தானே!

செவ்வாய்க்கிழமை கத்தரினின் அறையில் நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். கத்தரின் பேசிய இங்கிலீஷைத் தமிழாக்கியது மட்டும் நான்.

கத்தரின் நீல மட்டையைத் திறந்து அமைதியாக வாசித்தார். வாசிக்க வாசிக்க, பென்சிலால் சின்னச் சின்ன வட்டமாகப் போட்டுக்கொண்டே போனார். தவநாயகி எட்டிப் பார்த்தாள். வட்டம் எல்லாம் அந்த 'வீ' என்ற சொல்லைச் சுற்றி.

"ஒரே கடிதத்தில் கேட்கும் முறையை 'நாங்கள்' கொண்டுவந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் என்றால் யார்?"

கேள்வி அவ்வளவுதான். ஆனால் தவநாயகியின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. 'மற்றவர்கள் செய்ததை எல்லாம் உன் பெயரில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாயா?' என்று அந்த அம்மா கேட்பதாக நினைத்துவிட்டாள். களவில் பிடிபட்டவளைப்போல முகம் சிவந்தது. அவசரம் அவசரமாக மற்றவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். கடித முறைக்கு றெஜினோல்ட் மிகவும் உதவினார். பீற்றர் கெட்டிக்காரன், தானே பழகிவிட்டான். கிரிஜாவும் அப்படித்தான். புள்ளிவிவரம் எடுத்துக் கொடுத்தது கொம்பியூட்டர் பிரிவு. முந்தின மனேஜரும் நல்ல ஒத்தாசை.

"அப்படியென்றால் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"எல்லாரும் சேர்ந்துதான் செய்தோம்."

கத்தரின் கேட்கக் கேட்க இவள் இன்னும் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். கர்ணன் தோற்றான். கொஞ்ச நேரத்தில் அந்த மட்டைக்குள் இவளுக்கென்று மிஞ்சியது அந்த நாலாவது விசயம் மட்டும்தான். அதற்கு மாத்திரம் இவள் 'ஐ' என்று எழுதியிருந்தாள். பிழை என்றால் நான், நல்லதென்றால் நாங்கள்.

கத்தரின் பென்சிலைக் கீழே வைத்தார். "இதை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் எழுத முடியாது. பதவி ஒருவருக்குத்தான், ஒரு கூட்டத்துக்கு இல்லை. இதோடு நிறுத்துவோம். வியாழக்கிழமை காலையில் வாருங்கள். எந்த வேலையை யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்."

அன்று மாலை நான் ஷிப்ட் முடித்து வந்தபோது அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் இருந்தாள்.

"முடிஞ்சுது. நான் கள்ளி எண்டு நினைச்சிட்டா அந்த மனுசி."

முழுவதையும் சொல்லவைத்துக் கேட்டேன். கேட்டு முடிந்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

"தவா, நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லும். அந்த ஒரே கடிதம் ஆரின்ரை யோசினை?"

"நாங்கள்தான் யோசிச்சனாங்கள்."

"நாங்கள் எண்டால் ஆர்? நானோ? எனக்கு அந்தக் கந்தோர் எந்தப் பக்கம் எண்டே தெரியாது."

"சும்மா பகிடி விடாதேங்கோ."

"றெஜினோல்டோ யோசிச்சவர்?"

"அவர் முதலிலை வேண்டாமெண்டு சொன்னவர். பேந்து, சரி செய்து பாப்பம் எண்டவர்."

"அப்ப ஆர்?"

"ஐயோ, நான்தான்!" என்று கத்தினாள். கத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்குமோ என்று சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

பவளக்கொடிக்கு ரெலிபோன் எடுத்தோம். கதையைக் கேட்டு அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குரலை மாற்றினாள்.

"அக்கா, அந்தக் குழுவுல இருக்கிறவங்க உங்களைப் பார்த்ததே இல்ல. அவங்களுக்கு அந்தத் தாள்தான் நீங்க. தாள்ல நீங்க இல்லேன்னா நீங்க இல்ல. அந்த அம்மா நினைச்சிருந்தா இன்னைக்கே 'ஆதாரம் இல்ல'ன்னு எழுதி முடிச்சிருக்கலாம். திரும்ப வரச் சொல்லியிருக்காங்களே, அதைப் பாருங்க. யார் செஞ்சதுன்னு மத்தவங்களையே கேட்டு எழுதி வாங்குங்க. பொய் சொல்லச் சொல்லல, உள்ளதைச் சொல்லச் சொல்லுங்க."

திரும்ப வரச் சொன்னதை நாங்கள் இருவரும் தண்டனையாகத்தான் எண்ணியிருந்தோம். அது இன்னொரு தவணை என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் றெஜினோல்டிடம் போய்க் கேட்பதற்கு இவளுக்கு நாக்கு எழவில்லை.

"என்னெண்டு போய்க் கேக்கிறது? இதை நான் செய்தனான், எழுதித் தாங்கோ எண்டோ? வெக்கக் கேடு."

"அவர் செய்ததை நீர் செய்ததெண்டு சொன்னால்தான் வெக்கக் கேடு. அவரையே கேட்டால் அவர் தன்ரை பங்கைத் தானே சொல்லுவார். ஆருக்கும் அநியாயம் இல்லை."

அந்த நியாயம் அவளுக்குப் பிடித்தது. தனக்குப் புகழ் வாங்க ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாள். மற்றவனுக்கு அநியாயம் நடந்துவிடக்கூடாது என்றால் மைல்கணக்கில் நடப்பாள். இவளைக் கட்டி இருபது வருடமாகப் போகிறது, இவளை அசைக்க இந்த ஒரு சாவி போதும்.

புதன்கிழமை காலை றெஜினோல்டின் மேசைக்குப் போய் மட்டையை நீட்டி, "உங்களுடைய பங்கு எங்கே இருக்கிறதோ, அதைக் குறித்துவிடுங்கள்," என்றாளாம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். ஒரே கடிதம் என்ற இடத்துக்கு வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"இதில் நான் எங்கே வந்தேன்? இது உருப்படாது என்று சொன்னவன் அல்லவா நான்!" என்று சொல்லி, பக்கத்திலேயே எழுதினார்: 'இது அவருடைய யோசனை. நான் எதிர்த்தேன். என் கணிப்புப் பிழை.' கீழே கையெழுத்தும் தேதியும். பயிற்சிக்கும் அப்படியே, தான் அந்த வேலையைத் தொடவே இல்லை என்று எழுதினார். துண்டுப்பிரசுரத்தில் மட்டும் கையை வைத்து, "இதில் படம் கீறியது நான். இதை விட்டுத்தர மாட்டேன்," என்றாராம்.

"அது உங்களுடையதுதான்," என்று இவள் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். பீற்றரும் கிரிஜாவும் தங்களைப் பழக்கியது யார், எப்படி என்று ஆளுக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு காலமும் இவள் பயந்துகொண்டிருந்த அந்த நாலு பேர் இந்தக் கந்தோரில் இல்லவே இல்லை.

புதன் மாலை அவள் எல்லாவற்றையும் திரும்ப ரைப் செய்தாள். 'ஐ' என்று அடிக்கிறபோதெல்லாம் யாரோ பார்க்கிறார்கள் என்பதுபோலத் தோளைக் குறுக்கினாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை கத்தரின் புதிய தாளை எடுத்து, முதல் வரியில் இருந்து தொடங்கினார்.

"இந்தக் கடித முறை?"

"நான் கொண்டுவந்தேன்."

"எப்படித் தெரியும்?"

பழைய கடிதம் ஒன்றையும் புதிய கடிதம் ஒன்றையும் எடுத்து வைத்தாள். புதியதன் முதல் வரைவில் அவளுடைய கையெழுத்தும் தேதியும் இருந்தன. அந்தத் தேதிக்கு முந்தைய புள்ளிவிவரம், பிந்தைய புள்ளிவிவரம், றெஜினோல்டின் குறிப்பு. கத்தரின் ஒவ்வொன்றையும் விளக்கில் பிடித்துப் பார்க்காத குறையாகப் பார்த்தார்.

"அந்த நேரம் விண்ணப்பங்கள் வருவதே குறைந்திருக்கலாம். தேக்கம் அதனால் வடிந்திருக்கலாம் அல்லவா?"

இந்தக் கேள்வியை இவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பச்சைக்கோட்டுத் தாளில் வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கையும் பக்கத்திலேயே இருந்தது. விரலை வைத்துக் காட்டினாள். வரவு குறையவில்லை, கூடியிருந்தது.

"அப்படியென்றால் இது உங்கள் முறையின் பலன்."

"ஓம்... யெஸ். என்னுடைய முறையின் பலன்."

அந்த 'ஓம்' எப்படி வாயில் வந்தது என்று தனக்கே தெரியாது என்றாள். கத்தரின் அதைக் கவனித்ததாகக் காட்டவில்லை. துண்டுப்பிரசுரத்துக்கு வந்தார்.

"இங்கே இன்னும் 'வீ' இருக்கிறது."

"அது உண்மையான 'வீ'. எழுத்து என்னுடையது, படங்கள் றெஜினோல்டுடையவை. அவர் இல்லாவிட்டால் அதை ஒருவரும் வாசித்திருக்க மாட்டார்கள்."

கத்தரின் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்து, "நல்லது," என்றார். பிறகு பிழைக்கு வந்தார். அதில் ஒரு இரக்கமும் காட்டவில்லை. தவறைக் கண்டுபிடித்த அன்றே ஏன் மனேஜரிடம் சொல்லவில்லை, மற்றக் கோப்புகளிலும் அதே தவறு இருக்கிறதா என்று ஏன் உடனே பார்க்கவில்லை என்று கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். இவள் பார்த்திருந்தாள், ஆனால் பிந்தித்தான் பார்த்தாள். அதையும் ஒப்புக்கொண்டாள். வெளியே வந்து அவளும் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன்: பதவி நிரந்தரமானது. குழு மறுமாதம் கூடி உறுதிப்படுத்தியது. ஆனால் எங்கள் வீட்டில் பெருநாள் அன்றில்லை. அதற்கு முந்தி, கையெழுத்துப் போடுவதற்காக அந்த அறிக்கை அவள் கைக்கு வந்த நாள்தான் பெருநாள்.

பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் மேசையில் இருந்து வாசித்தோம். முதல் பாதி முழுவதும் குத்தல். வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தயங்குகிறார். தவறுகளை உடனே மேலிடத்துக்குச் சொல்லவேண்டும். தன் வேலையைத் தானே மறைக்கிறார், இதனால் பிரிவுக்கும் நட்டம். எனக்குக் கோபம் வரத் தொடங்கியது. தவநாயகி என் கையைத் தட்டிவிட்டு, கடைசிப் பகுதியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

'முதல் வேலையையும் மூன்றாவது வேலையையும் செய்தவர் திருமதி யோகராஜா. இரண்டாவதில் பாதி அவருடையது. ஆதாரங்களை நானே சரிபார்த்தேன். பதவியில் உறுதிப்படுத்தும்படி பரிந்துரைக்கிறேன்.'

அலங்காரம் ஒன்றும் இல்லாத வசனங்கள். தவநாயகி அதை இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பாங்கிலை எத்தினை வருசம் வேலை செய்தனான். இஞ்சை வந்து எத்தினை வருசம். இது இவ செய்தது எண்டு ஒருதரும் ஒரு துண்டுக் கடதாசியிலை எழுதித் தரேல்லை," என்றாள். "அந்த மனுசிதான் எழுதினவ. தேடித் தேடிப் பாத்து எழுதினவ."

நானும் அழுதேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நல்லவராக இருந்த அந்தப் பழைய மனேஜர் 'திருப்தி' என்று எழுதி எங்களைக் கடந்து போய்விட்டார். எல்லாரும் நடுங்கின இந்த அம்மாதான் நின்று, நாங்கள் என்றால் யார் என்று கேட்டு, என் மனைவியைத் தேடிக் கண்டுபிடித்தார். கத்தரின் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும்.

அறிக்கையின் அடியில் ஒரு சிறு கட்டம் இருந்தது. ஊழியர் தன் கருத்தை எழுதுவதற்கான இடம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைக் கையில் எடுத்தவள், என்னைப் பார்த்தாள்.

"என்ன எழுதுறது?"

"உமக்கு என்ன தோன்றுதோ அதை எழுதும்."

குனிந்து, நிறுத்தி நிறுத்தி எழுதினாள். எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். 'ஐ அக்ரீ. ஐ தாங்க் யூ' என்று இங்கிலீஷில் இரண்டே வசனம்: நான் ஒப்புக்கொள்கிறேன், நான் நன்றி சொல்கிறேன். இந்த முறை அவள் தோளைக் குறுக்கவில்லை. கீழே 'தவநாயகி யோகராஜா' என்று முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.